கூப்பிடுவேனா, கூப்பிட்டேனா?

நண்பர்களே, தமிழ் வேதாகமம் கையில் இருப்பவர்கள் சங்கீதம் 18-ஐத் திறந்துகொள்ளுங்கள். மூன்றாம் வசனத்தில் "கர்த்தரை நோக்கிக் கூப்பிடுவேன்" என்று இருக்கிறது. ஆறாம் வசனத்தில் "கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு" என்று வந்து, "அபயமிட்டேன்" என்ற வினையில் அந்த வரி முடிகிறது. அங்கே எதிர்காலம், இங்கே இறந்தகாலம். எபிரெயத்திலோ 'கூப்பிடு' என்பதற்கு இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான்: எக்ரா. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

மொழிபெயர்த்தவர்கள் தூங்கிவிட்டார்களா? இல்லை. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஏன் என்று பார்ப்போம்.

எபிரெய வினைக்கு முக்கியமாக இரண்டு உருவங்கள். ஒன்றில் ஆளைக் காட்டும் ஒட்டு வினைக்குப் பின்னால் வரும். அதை பெர்ஃபெக்ட் என்பார்கள். மற்றொன்றில் ஒட்டு முன்னால் வரும், அது இம்பெர்ஃபெக்ட். வகுப்பில் முதல் வருடம் "பெர்ஃபெக்ட் என்றால் இறந்தகாலம், இம்பெர்ஃபெக்ட் என்றால் எதிர்காலம்" என்று மனப்பாடம் செய்கிறோம். உரைநடைக் கதைகளில் அதை வைத்து ஓரளவு ஓட்டிவிடலாம். கவிதையில் அது காலை வாரிவிடும். இதே சங்கீதத்தின் ஏழாம் வசனத்தை அந்த விதிப்படி பெயர்த்தால் "பூமி அசைந்து அதிர்ந்தது, மலைகளின் அடித்தளங்கள் நடுங்கும், பிறகு அவை ஆடின" என்று வரும். ஒரே நில நடுக்கம், நடுவில் மட்டும் எதிர்காலம்!

நல்லவேளையாக இந்தப் பாட்டுக்கு இன்னொரு பிரதி இருக்கிறது. 2 சாமுவேல் 22-ஆம் அதிகாரம் ஏறக்குறைய இதே பாட்டுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "என் சத்தத்தைக் கேட்டார்" என்ற இடத்தில் சாமுவேலில் வய்யிஷ்மா என்று இருக்கிறது. கதை சொல்லும்போது 'அப்புறம் கேட்டார்' என்று வருமே, அந்த உருவம். இறந்தகாலம் என்பதில் சந்தேகமே இல்லை. சங்கீதத்திலோ முன்னால் உள்ள 'வ' இல்லாமல் வெறும் யிஷ்மா. இடிமுழக்கத்தைச் சொல்லும் வரியில் நிலைமை தலைகீழ்: சங்கீதத்தில் வய்யர்ஏம், சாமுவேலில் வெறும் யர்ஏம். பாட்டைக் கைமாற்றியவர்களுக்கு இரண்டும் ஒரே பொருளைத் தந்திருக்கின்றன என்றுதான் இதைப் படிக்க முடியும்.

காரணம் பழையது. எபிரெயத்துக்கு முந்திய நிலையில் முன்னொட்டு வினையே இரண்டு வகையாக இருந்தது. குட்டையானது நடந்ததைச் சொல்லும், நீளமானது நடந்துகொண்டிருப்பதையும் நடக்கப்போவதையும் சொல்லும். அக்காடிய மொழியில் அந்தக் குட்டை உருவம் இறந்தகாலமாகவே இருந்தது. எபிரெயத்தில் சொல்லின் கடைசி உயிர் தேய்ந்துபோனதும் பெரும்பாலான வினைகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எக்ராவைப் பார்த்து அது குட்டையா நீளமா என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். சில வினைகளில் மட்டும் தடயம் மிஞ்சியிருக்கிறது. பதினோராம் வசனத்தில் இருளைத் தமக்கு மறைவிடமாக்கினார் என்ற இடத்தில் யாஷெத் என்று வருகிறது. நீள உருவமாக இருந்தால் யாஷித் என்று இருக்க வேண்டும். மேலே சொன்ன யர்ஏம் கூட அப்படித்தான், நீளமானது யர்ஈம். இதே குட்டை உருவம் 'ஆக்கட்டும்' என்ற பொருளிலும் வரும் என்பது உண்மை. ஆனால் புயலை வருணிக்கும் இடத்தில் யாரும் 'ஆக்கட்டும்' என்று சொல்லமாட்டார்கள். ஆகவே முதலில் உயிரெழுத்து, அடுத்து இரட்டைப் பிரதி, அதற்கும் அடுத்து சுற்றியுள்ள வினைகள். இந்த வரிசையில்தான் நான் தேடுவேன்.

சரி, தமிழில் என்ன செய்வது? நம் வினைமுற்று காலம் காட்டாமல் விடாது. ஆனால் எச்சம் விடும். பதினாறாம் வசனத்தில் யிஷ்லஹ், யிக்காஹேனி, யம்ஷேனி என்று மூன்று இம்பெர்ஃபெக்ட் அடுக்கி வருகின்றன. தமிழ் வேதாகமம் "கைநீட்டி, என்னைப் பிடித்து" என்று இரண்டை எச்சமாக்கி, கடைசி வினைக்கு மட்டும் இறந்தகாலம் கொடுக்கிறது. மூன்று முடிவுகளுக்குப் பதில் ஒரே முடிவு. எனக்கு இதில் ஒரு சின்னக் குறை உண்டு. மூலத்தில் மூன்று வினையும் தனித்தனியாக வந்து இடிக்கின்றன, எச்சத்தில் அந்த இடி மெத்தென்று ஆகிவிடுகிறது.

உண்மையிலேயே சிக்கலான இடம் 37-ஆம் வசனம்: எர்தோஃப், எதிரிகளைத் துரத்துகிற வரி. இங்கே உயிரெழுத்து கைகொடுக்காது. இரட்டைப் பிரதியில் எர்தெஃபா என்று இருக்கிறது. அது வழக்கமாக 'துரத்துவேன்' என்ற விருப்பத்தைக் காட்டும் உருவம், ஆக அதுவும் இறந்தகாலத்துக்குச் சாட்சி சொல்லவில்லை. இரண்டு வசனம் தள்ளி 'வ' சேர்ந்த இறந்தகால வினை வருவதால் பலரும் "துரத்தினேன், பிடித்தேன்" என்று போடுகிறார்கள். நான் "துரத்துவேன், எட்டிப் பிடிப்பேன், அவர்களை முடிக்கும்வரை திரும்பமாட்டேன்" என்று வைப்பேன். நம் ஊரில் வயதான ஒருவர் "அப்போதெல்லாம் விடியுமுன் எழுந்திருப்பேன், ஆற்றில் குளிப்பேன்" என்று சொன்னால் அதை யாரும் எதிர்காலமாகக் கேட்பதில்லை. அதே வினை உருவம் நாளைக்கும் பொருந்தும். படிப்பவர் எந்தக் காலத்தில் கேட்கிறாரோ, அந்தக் காலத்தில் தாவீது துரத்தட்டும்.