மூன்றாம் இயல் நான்காம் இயலுக்கு எதைக் கொடுக்கிறது? ஆய்வேட்டின் இணைப்புப் பந்தி

[திரையில்: கொழுந்து நிறுக்கும் தராசு. பக்கத்தில் திறந்த செக்ரோல் புத்தகம்.]

வணக்கம். ஆய்வேட்டில் ஓர் இயல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வரும் இணைப்புப் பந்தியை இன்று எழுதிப் பார்க்கப்போகிறோம். இதற்காக ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைப் பற்றி ஓர் ஆய்வேட்டை நாமே கற்பனை செய்துகொள்வோம்.

மூன்றாம் இயல் தோட்டத்து செக்ரோல் பதிவுகளை, அதாவது தொழிலாளர்களின் அன்றாட வேலைக் கணக்கை, வைத்து எழுதப்பட்டது. சொன்ன கிலோ கொழுந்து பறிக்காத நாளில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்பது மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த அரைப்பேர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் மாதங்களில் குவிகின்றன. இதுதான் அந்த இயலின் கண்டுபிடிப்பு. நான்காம் இயலில் கொழுந்து பறிக்கும் பெண்களோடு செய்த நேர்காணல்கள் வருகின்றன.

[திரையில் முதல் வடிவம்:]

“இந்த இயலில் செக்ரோல் பதிவுகள் ஆராயப்பட்டன. அடுத்த இயலில் பெண்களின் நேர்காணல்கள் ஆராயப்படும்.”

பெரும்பாலான வரைவுகளில் இப்படித்தான் இருக்கும். இதில் பிழை எதுவும் இல்லை, ஆனால் இது பொருளடக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற செய்தி. இரண்டு இயல்களையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். வாக்கியங்களைத் திருப்பிப் போட்டால் போதும், பந்தி அப்படியே பொருந்திவிடும். அப்படிப் பொருந்தினால் கண்டுபிடிப்பு எதுவும் கைமாறவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

[திரையில் இரண்டாம் வடிவம், வரி வரியாக:]

“இத்தோட்டத்தின் பதிவுகளில் அரைப்பேர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை அதிகமாக விழுந்துள்ளன. ஆனால் ஒரு பெண்ணுக்கு அன்று முழுப்பேரா அரைப்பேரா என்பதை மட்டுமே செக்ரோல் சொல்லும்; குறைந்த சம்பளத்தில் அவர் வீடு எப்படி ஓடியது என்பதைச் சொல்லாது. ஆகவே அந்த மூன்று மாதங்களைப் பற்றியே அடுத்த இயலில் பெண்களிடம் கேட்கப்படுகிறது.”

முதல் வாக்கியத்தில் கண்டுபிடிப்பு இருக்கிறது. இரண்டாவதில், அந்தச் சான்று எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்பது இருக்கிறது. மூன்றாவதில், நின்ற அந்த இடத்திலிருந்தே எழும் கேள்வி இருக்கிறது. இந்த மூன்றில் நடு வாக்கியத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆய்வின் குறையை நாமே ஏன் காட்ட வேண்டும் என்ற பயம்தான் காரணம். ஆனால் அந்தக் குறைதான் நான்காம் இயல் ஏன் தேவை என்பதற்கான காரணமே. அதை எடுத்துவிட்டால், நேர்காணல் எதற்காகச் செய்தீர்கள் என்று பரீட்சகர் கேட்கும்போது பதில் ஆய்வேட்டில் எங்கும் இருக்காது.

“இத்தோட்டத்தின்” என்ற சொல்லையும் கவனியுங்கள். கைமாறும்போது கண்டுபிடிப்பு ஊதிப்போவது வழக்கம். மூன்றாம் இயலில் “இத்தோட்டத்தின் பதிவுகளில்” என்று இருந்தது, இணைப்பில் “தோட்டங்களில்” ஆகும். ஐந்தாம் இயலுக்குப் போகும்போது “மலையகத்தில்” ஆகிவிடும். மலையின் கிழக்குச் சரிவில், பதுளைப் பக்கத்தில், மழைக்காலமே வேறு. ஜனவரி அங்கே வறட்சி மாதம் அல்ல. எனவே இணைப்புப் பந்தியை எழுதியதும், மூன்றாம் இயலில் அந்தக் கண்டுபிடிப்பு சொல்லப்பட்ட வாக்கியத்தைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இடமும் காலமும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரி, இதை எப்போது எழுதுவது? இரண்டு இயல்களின் வரைவும் கையில் இருக்கும்போதுதான். நான்காம் இயலைப் படித்து, மூன்றாம் இயலிலிருந்து எடுத்த விஷயம் இல்லாமல் எந்த இடம் புரியாது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அந்த விஷயத்தைத்தான் பந்தி கொடுக்க வேண்டும். கோடு போட ஓர் இடமும் கிடைக்கவில்லை என்றால் சிக்கல் பந்தியில் இல்லை. இரண்டு இயல்களும் தனித்தனிக் கட்டுரைகளாக நிற்கின்றன. அதைப் பற்றி மேற்பார்வையாளரிடம் பேசுவதுதான் வழி.

பந்தியை இயலின் முடிவில் வைக்கலாம், அடுத்ததன் தொடக்கத்திலும் வைக்கலாம். இரண்டு இடத்திலும் வைத்தால் பக்கம் புரட்டியவுடனேயே அதே பேச்சு திரும்ப வரும்.

[திரையில்: தராசின் முள், அருகில் காட்டி.]

அப்புறம், நேர்காணல் செக்ரோலோடு முரண்படும்போது என்ன செய்வது? நம் கற்பனை ஆய்வில் பெண்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: “கொழுந்து இருந்துச்சு. நிறுக்கும்போது தண்ணிக்கும் கூடைக்கும்னு கிலோவைக் கழிச்சாங்க. அதுலதான் அரைப்பேர் ஆச்சு.” இப்போது மூன்றாம் இயலின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, ஆனால் வறட்சிதான் காரணம் என்று அந்த இயல் சொன்ன விளக்கம் ஆடுகிறது. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும் பந்தி இதை மறைக்கக் கூடாது:

“அரைப்பேர் வெயில் மாதங்களில் அதிகம் என்பதைப் பதிவுகள் காட்டின. அதற்குக் காரணம் கொழுந்துக் குறைவு மட்டுமல்ல, நிறுவையில் கழிக்கப்பட்ட கிலோக்களும்தான் என்று பெண்கள் கூறினர். பறித்த எடையும் பதிந்த எடையும் எங்கே பிரிகின்றன என்பதை அடுத்த இயல் பார்க்கிறது.”

இப்படி எழுதியபின் மூன்றாம் இயலைத் திரும்பத் திறந்து, “வறட்சியால்” என்று காரணம் சொன்ன இடங்களையெல்லாம் “வறட்சி மாதங்களில்” என்று திருத்திவிடுங்கள்.