600 ரூபாய் எங்கே போனது? பேலன்ஸ் ஷீட் இடிக்கும்போது தேடும் விதம்

வணக்கமுங்க, திருப்பூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து கட்டடம் நிட்டிங் யூனிட், மெஷின் நிற்கவே நிற்காது.

போன வாரம் ஒரு அண்ணன் வந்தார். ஜாப் ஒர்க்கில் துணி ஓட்டிக் கொடுக்கிறவர், கணக்கு முழுவதும் எக்செல்லில்தான். தேதி, பில் நம்பர், கணக்குப் பெயர், டெபிட், கிரெடிட் என்று ஐந்து காலம், வருஷத்துக்கு ஏறக்குறைய 2,600 வரி. 2024-25க்கு பேலன்ஸ் ஷீட் போட்டுப் பார்த்தால் சொத்துப் பக்கம் 600 ரூபாய் அதிகம். "ஏனுங்க, 600 ரூபாதானே, சஸ்பென்ஸில் தள்ளி விட்டிரலாமா"ன்னு கேட்கிறார். தள்ளலாம்தான். ஆனால் அந்த 600 உண்மையிலேயே 600தானா, இல்லை 10,600 விடுபட்டு இன்னொரு இடத்தில் 10,000 இரண்டு தடவை ஏறி, கழித்தது போக மிஞ்சியதா என்று பார்க்காமல் தெரியாது.

சொத்துப் பக்கம் அதிகம் என்றால் டெபிட் கூடியிருக்கிறது, அதாவது ஒரு கிரெடிட் விடுபட்டிருக்க வேண்டும், அல்லது ஒரு டெபிட் இரண்டு முறை ஏறியிருக்க வேண்டும். 300 ரூபாய் கிரெடிட்டை டெபிட்டில் போட்டிருந்தாலும் 600 இடிக்கும், அதனால் பாதித் தொகையையும் தேடுவது வழக்கம். வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் 54ஐ 45 என்று எண் மாற்றி அடித்திருப்பார்களோ என்று சந்தேகப்படலாம். 600 வகுபடாது, அதனால் அதை விட்டுவிட்டேன்.

சரி, 600ஐத் தேடலாம் என்று போனால் டிரைவர் பேட்டா 600, டீக்கடை பாக்கி 600, ஜிஎஸ்டி 600, நடுவில் 1,600ம் 6,000மும் வேறு வந்து நிற்கிறது. 300ம் அப்படித்தான், ஏற்றுக்கூலி முழுக்க 300. வட்டத் தொகை இடித்தால் தொகையை வைத்துத் தேடுவது வீண் வேலைங்க. 17,283 மாதிரி ஒரு கோணல் தொகை என்றால் அதே வழி இரண்டு நிமிடத்தில் பிடித்துக் கொடுத்துவிடும்.

அதனால் தேதியைப் பிடித்தேன். முதலில் ஏப்ரல் 1 ஆரம்ப இருப்பு. அதிலேயே இடித்தால் வருஷம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. டேலி வைத்திருக்கிறவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் ஒரு வவுச்சரில் டெபிட்டும் கிரெடிட்டும் ஒக்காவிட்டால் டேலி அதைச் சேமிக்கவே விடாது, அங்கே இடிப்பது பெரும்பாலும் ஆரம்ப இருப்பில்தான். இவருக்கு ஆரம்ப இருப்பு சரியாக இருந்தது. அப்புறம் இந்த ஃபார்முலா:

```
=ROUND(SUMIFS(D:D,A:A,"<="&DATE(2024,9,30))-SUMIFS(E:E,A:A,"<="&DATE(2024,9,30)),2)
```

A தேதி, D டெபிட், E கிரெடிட். அந்தத் தேதி வரைக்கும் டெபிட் கிரெடிட்டைவிட எவ்வளவு கூட என்று சொல்லும். ROUND எதற்கென்றால் பைசாக் கணக்கில் எக்செல் கடைசியில் 0.0000001 மாதிரி ஏதாவது தூசியை விட்டு வைக்கும், அதைத் துடைக்க.

செப்டம்பர் 30க்கு பூஜ்யம் வந்தது, அரை வருஷம் கழிந்தது. டிசம்பர் 31க்கு 600. அக்டோபர் 31க்கு பூஜ்யம். நவம்பர் 30க்கு 600. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 365 நாளுக்கும் ஒன்பது தடவைக்கு மேல் ஆகாது. நடுவில் எங்கேயாவது பூஜ்யமும் இல்லாமல் 600ம் இல்லாமல் வேறு தொகை காட்டினால் தப்பு ஒன்றல்ல, இரண்டு அல்லது அதற்கு மேல் என்று அர்த்தம். இவருக்கு அப்படி இல்லை, 13ஆம் தேதி வரை பூஜ்யம், நவம்பர் 14இல் 600.

அன்றைக்கு மொத்தம் பதினொரு வரிதான். கால்குலேட்டரை எடுத்துக் கூட்டினேன். டெபிட்டும் கிரெடிட்டும் பைசா பிசகாமல் ஒத்துப் போகிறது! மறுபடி கூட்டினேன், மறுபடியும் சரி. எக்செல் மட்டும் கிரெடிட் 600 கம்மி என்கிறது.

கால்குலேட்டருக்கும் எக்செல்லுக்கும் சண்டை வந்தால் ஏதோ ஒரு வரியை எக்செல் எண்ணாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அதில் ஒரு பில் இப்படி இருந்தது: பார்ட்டி டெபிட் 25,200, ஜாப் ஒர்க் வருமானம் கிரெடிட் 24,000, சிஜிஎஸ்டி இரண்டரை சதவீதம் 600, எஸ்ஜிஎஸ்டி 600. கடைசி கட்டத்தைச் சொடுக்கினால் மேலே 600/- என்று இருக்கிறது. பில் புக்கில் எழுதுகிற பழக்கத்தில் கோடும் சிறு கோடும் சேர்த்தே அடித்துவிட்டார். எக்செல்லுக்கு அது தொகை இல்லை, வெறும் எழுத்து, கூட்டும்போது தாண்டிப் போய்விடும். கண்ணுக்குப் பதிவு இருக்கிறது, கணக்கில் இல்லை.

சாதாரணமாக எழுத்தென்றால் கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலது பக்கம் நிற்கும், பார்த்ததும் தெரியும். இவர் அழகுக்காகக் கிரெடிட் காலம் முழுவதையும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார், போச்சு. அப்புறம்தான் எனக்கே உறைத்தது, இதை முதலிலேயே போட்டிருந்தால் அரை நிமிட வேலை:

```
=COUNTA(E2:E2600)-COUNT(E2:E2600)
```

காலியில்லாத கட்டங்களில் எண்ணாக இல்லாதவை எத்தனை என்று சொல்லும். 1 வந்தது. டெபிட் காலத்திலும் தேதிக் காலத்திலும் இதையே போட்டுப் பாருங்கள், 14.11.2024 என்று புள்ளி வைத்து அடித்த தேதியும் பல கம்ப்யூட்டரில் எழுத்தாகத்தான் நிற்கும், அந்த வரி தேதிக் கணக்கில் வராமலே போகும்.

600ஐத் திருத்தினோம், ஒத்துக்கொண்டது. அண்ணன் எழுந்துவிட்டார். நான்தான் உட்காருங்க என்றேன். ஏனென்றால் ஒரு பதிவு இரண்டு பக்கமும் சேர்ந்து முழுசாக விடுபட்டாலோ, முழுசாக இரண்டு தடவை ஏறினாலோ பேலன்ஸ் ஷீட் கொஞ்சமும் இடிக்காது. அதை வெளியிலிருந்து வருகிற காகிதத்தோடுதான் ஒத்துப்பார்க்க முடியும்: பேங்க் ஸ்டேட்மென்ட், பார்ட்டி அனுப்புகிற லெட்ஜர், கொள்முதலுக்கு ஜிஎஸ்டி தளத்தில் இருக்கிற 2பி.

மார்ச் 31க்கு பேங்க் புக்கில் இருப்பு ஸ்டேட்மென்ட்டைவிட 18,400 குறைவு. பாஸாகாத செக் எதுவும் இல்லை. அது 600 மாதிரி அடிக்கடி வருகிற தொகை இல்லை என்பதால் தேடியதும் கிடைத்தது: கரண்ட் பில். கட்டிய அன்றைக்கே இவர் ஒரு தடவை போட்டிருக்கிறார், இரண்டு நாள் கழித்து அக்கா ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து இன்னொரு தடவை ஏற்றியிருக்கிறார். ஒன்றை எடுத்ததும் பேங்க் ஒத்தது, செலவு 18,400 குறைந்தது, லாபம் அதே அளவு ஏறியது.

அண்ணன் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துவிட்டு, "அப்ப அதுக்கும் சேர்த்து வரி கட்டோணுமுங்களா?" என்றார்.