பூக்கார அக்கா எங்கள் ஆப்பை ஒருமுறைகூடத் திறக்கவில்லை!

[திரையில்: மயிலாப்பூர் மாட வீதி, பிரதோஷக் கூட்டம்]

"ஆப் நல்லாத்தான் இருக்கு தம்பி." மாட வீதியில் பூ விற்கும் ஓர் அக்கா சொன்னது இது. ஆனால் அவர் கடையோரம் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஆப்பை அவர் தொடவே இல்லை!

நான் யூஎக்ஸ் ஆய்வாளர், அதாவது ஆப்பை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. கடைக்காரர்கள் யூபிஐ பணம் வாங்கும் ஆப் எங்களுடையது. முகப்பில் விற்பனை வரைபடம் வைக்கத் திட்டம். நேர்காணலில் கேட்டால் எல்லோரும் "வைங்க, நல்லதுதானே" என்றார்கள். சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? அதனால்தான் கடைக்கே போனோம்.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? அக்காவின் கை எப்போதும் ஈரம். ஈர விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது. வாங்குபவர் ஸ்கேன் செய்து, "போயிடுச்சுக்கா" என்று போனை நீட்டுவார். அக்கா அதை நம்ப மாட்டார், பழைய ஸ்கிரீன்ஷாட்டாகக்கூட இருக்கலாமே. பக்கத்துக் கடைப் பையனை விட்டு மகனுக்கு போன் போடச் சொல்வார். ஏனென்றால் வங்கிக் கணக்கு மகன் பெயரில், பணம் வந்த தகவலும் கிண்டியில் வேலையில் இருக்கும் மகன் போனுக்கு! கூட்டம் கூடினால் அதற்கும் நேரமில்லை. நம்பி அனுப்பிவிடுவார். இரவில் கணக்கு உதைத்தால் யாரைப் போய்க் கேட்பது?

இதற்குச் சூழல் ஆய்வு என்று பெயர். தொழில் பழக வந்தவர் மாதிரி பக்கத்தில் இருக்க வேண்டும். "இப்போ யாருக்குக்கா போன்?" என்று அந்த நொடியிலேயே கேட்க வேண்டும். மறுநாள் கேட்டால் "எல்லாம் சரியாப் போச்சு" என்பதுதான் பதில்.

வரைபடத்தைக் கைவிட்டோம். கணக்கு ஒருவருடையதாக இருந்தாலும், கடையில் நிற்பவரின் போன் தொகையைத் தமிழில் சத்தமாகச் சொல்லும்படி செய்தோம். ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறதே என்பீர்கள். மாத வாடகை கொடுக்க இந்த அக்காவுக்கு மனமில்லை.

அப்புறம், கடையில் நிற்பவரைச் சேர்க்கும் மாதிரித் திரையைக் கணக்கு வைத்திருப்பவர்களிடம் கொடுத்துச் சோதனை. "இரண்டாவது நபரைச் சேருங்கள்" என்று சொன்னால் பொத்தானையே காட்டிக் கொடுத்த மாதிரி. அதனால், "பணம் வந்தது அம்மாவுக்கும் தெரியணும், என்ன செய்வீங்க?" என்று கேட்டோம். பாதியில் விரல் நின்றது. சேர்க்கப்படுபவர் பணத்தை எடுத்துவிடுவாரோ என்ற பயம்! "இவரால் பணம் எடுக்கவோ இருப்பைப் பார்க்கவோ முடியாது" என்ற ஒரு வரியை அதே திரையில் சேர்த்தோம்.

ஐந்து பேரைச் சோதித்தால் போதும் என்பார்கள். ஒரே மாதிரியான ஐந்து பேர் என்றால் பெரிய சிக்கல்கள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஆனால் பூக்கடைக்குக் கண்டதை ஆட்டோ ஓட்டுநருக்குப் பொருத்தாதீர்கள். அவருக்குக் கை ஈரமில்லை, தெருச் சத்தம்தான் பிரச்சினை. அவர்களுக்குத் தனி ஆய்வு வேண்டும்.

உங்கள் தெருக் கடையில் பணம் வந்ததை யார் போனில் பார்க்கிறார்கள்? கவனித்துவிட்டு கமென்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.