460 ரூபாயா, 184 ரூபாயா? பில் பிரிக்கிற கணக்கு

வணக்கம் மக்களே! இன்னும் கோபம் போகவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டு நாங்கள் நாலு பேர் பக்கத்திலேயே சாப்பிடப் போனோம். வெளியே போனால் நான் தயிர் சாதம்தான், உங்களுக்குத் தெரியும். தயிர் சாதமும் லெமன் சோடாவும் சேர்த்து 160 ரூபாய். பெரம்பூர்க்காரி மட்டன் பிரியாணி, இறால் வறுவல், ஃபலூடா என்று 640 ரூபாய்க்குச் சாப்பிட்டாள். பில் வந்ததும் அவளே, "நாலா வகுத்துடலாம்டி, ஆளுக்கு 460" என்கிறாள்! எனக்கு இந்த "நாலா வகுத்துடலாம்" சுத்தமாகப் பிடிக்காது.

இருங்க, சிக்கன் 65-ஐ விட்டுவிட்டேன். ஒரு பிளேட் 240 ரூபாய், என்னைத் தவிர மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அதை முதலில் அவர்கள் தலையில் 80, 80, 80 என்று ஏற்றிவிட வேண்டும். இப்போது என் பங்கு 160, மற்ற இருவருக்கு 300, 420, பெரம்பூர்க்காரிக்கு 720. மொத்தம் 1600.

இதற்கு மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி 80 ரூபாய். டிப்ஸ் 10 சதவீதம் என்று பேசியிருந்தோம். அதை வரி சேர்க்காத 1600-க்குத்தான் போட வேண்டும், அது 160. ஆக 1840.

இங்கேதான் இன்னொருத்தி, "சாப்பாடு அவங்கவங்க கணக்கு, டிப்ஸ் மட்டும் ஆளுக்கு 40" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 160-க்குச் சாப்பிட்ட நான் 40 கொடுத்தால் அது 25 சதவீதம். 720-க்குச் சாப்பிட்டவளுக்கு அதே 40, 6 சதவீதம்கூட வராது. பேசியதோ 10!

வழி ரொம்ப எளிது. டிப்ஸோடு சேர்ந்த கடைசித் தொகையைச் சாப்பாட்டு விலையால் வகுங்கள்.

```
1840 ÷ 1600 = 1.15
```

அவரவர் பங்கை இந்த 1.15-ஆல் பெருக்கினால் போதும். எனக்கு 184, மற்றவர்களுக்கு 345, 483, 828. கூட்டிப் பாருங்கள், அச்சாக 1840. எனக்கு மட்டும் 276 ரூபாய் மிச்சம், மக்களே! கடைக்காரர் தள்ளுபடி கொடுத்தாலும் இதே வழிதான், அந்த எண் மட்டும் குறையும்.

ஐயோ, முக்கியமானதைச் சொல்லவில்லையே. டிப்ஸ் பேசுவதற்கு முன்னாடி பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கு மேல் டிப்ஸும் வைப்பது இரட்டைச் செலவு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பில்லில் அது இல்லை.

அந்த டிப்ஸ் 160-ஐ மட்டும் நான் நோட்டாகவே பரிமாறிய அண்ணன் கையில் கொடுத்தேன். மூன்று பேரும் அங்கேயே ஜிபே பண்ணிவிட்டார்கள், முதலில் வந்தது அந்த 828-தான்.