மடிப்பில் மறைந்த ஒரு வரி: உறுப்புகளின் எண்ணிக்கையே எழுமாறாக இருந்தால் மாறற்றிறன் எவ்வளவு?

[திரையில்: கைபேசியில் எடுத்த வினாத்தாளின் படம். நடுவே ஒரு மடிப்பு, அதன் நிழலில் ஒரு வரி பாதி மறைந்திருக்கிறது.]

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி இந்தப் படத்தை அனுப்பியிருந்தார். "சேர், என் விடை 47 இலட்சம் வருகிறது, விடைத்தாளில் 96 இலட்சம் என்று இருக்கிறது. எங்கே பிழைத்தேன் என்று தெரியவில்லை" என்று கீழே எழுதியிருந்தார். அவருடைய கணக்கை வரிவரியாகப் பார்த்தேன். கூட்டல், பெருக்கல் எதிலும் பிழை இல்லை. பிழை அந்த மடிப்பில் இருந்தது.

முதலில் வினாவை வாசிப்போம்.

கொழும்பில் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதிக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஹயர்களின் எண்ணிக்கை N. ஒவ்வொரு ஹயரின் கட்டணமும் X1, X2 என்று போகிறது. ஒரு நாள் மழை நாளாக இருப்பதற்கான நிகழ்தகவு 0.4. மழையில்லாத நாளில் N என்பது இடை 10 உடைய புவசோன் பரம்பலைக் கொண்டது, கட்டணத்தின் இடை 400 ரூபாய். மழை நாளில் N இன் இடை 15, கட்டணத்தின் இடை 600 ரூபாய். கட்டணத்தின் நியம விலகல் இரண்டு வகை நாட்களிலும் 200 ரூபாய். நாளின் மொத்த வருமானம் S = X1 + X2 + … + XN. அதன் எதிர்பார்க்கையையும் மாறற்றிறனையும் காண்க.

மடிப்பில் கிடக்கும் வரியில் மாணவியின் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: "N உம் Xi களும் ஒன்றையொன்று சாராதவை." தாளை விரித்துத் தட்டையாக வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இப்போது முழு வரியும் தெரிகிறது.

[திரையில்: இரண்டாவது படம், அந்த வரி மட்டும் பெரிதாக.]

"வானிலை தரப்பட்டிருக்கும்போது N உம் Xi களும் ஒன்றையொன்று சாராதவை."

முதல் இரண்டு சொற்கள்தான் இந்த முழுக் கணக்கும். அவை இல்லாவிட்டால் கேள்வியே வேறு.

காலி வீதியில் மழை கொட்டும் ஒரு மாலையை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாரும் முச்சக்கர வண்டியைத் தேடுகிறார்கள், அதனால் ஹயர் கூடுகிறது. அதே மழையில் கட்டணமும் ஏறுகிறது. இரண்டையும் ஒரே மழை தூக்கிவிடுவதால் N பெரிதாக இருக்கும் நாளில் X உம் பெரிதாக இருக்கிறது. மழையா இல்லையா என்பது தெரியாத ஒருவருக்கு N உம் X உம் சார்ந்தவை. அது தெரிந்தவருக்கு மட்டுமே அவை சாராதவை.

வானிலையை W என்று வைத்து உள்ளிருந்து வெளியே போவோம். W உம் N உம் இரண்டும் தெரியும் என்று கொள்ளுங்கள். அப்போது S என்பது குறித்த எண்ணிக்கையான மாறிகளின் கூட்டுத்தொகை.

[திரையில்:]
E[S | W, N] = N μ
Var(S | W, N) = N σ²

இங்கே μ என்பது அந்த நாள் வகைக்குரிய கட்டண இடை, σ = 200. இரண்டாவது வரியில் N² போட்டுவிடுபவர்கள் பலர். ஒரே கட்டணத்தை N தடவை பெருக்கினால்தான் N² வரும். இங்கே ஒவ்வொரு ஹயரும் வேறு ஆள், வேறு தூரம். ஒன்றில் குறைவது இன்னொன்றில் கூடிச் சமப்படுகிறது. ஆகவே N தான்.

அடுத்து N ஐத் தெரியாததாக்கி W ஐ மட்டும் வைத்திருப்போம். மொத்த மாறற்றிறன் விதி சொல்வது இது: மாறற்றிறன் என்பது, நிபந்தனை மாறற்றிறனின் எதிர்பார்க்கையையும் நிபந்தனை எதிர்பார்க்கையின் மாறற்றிறனையும் கூட்டியது.

[திரையில்:]
Var(S | W) = E[N σ² | W] + Var(N μ | W)
= λ σ² + λ μ²

புவசோன் பரம்பலில் இடையும் மாறற்றிறனும் ஒரே λ என்பதால் இரண்டாவது உறுப்பிலும் λ வந்தது. W தெரிந்திருப்பதால் μ ஒரு மாறிலி, அது வர்க்கமாக வெளியே வந்துவிட்டது.

எண்களைப் போடுவோம். மழையில்லாத நாளில் எதிர்பார்க்கை 10 × 400 = 4000. மாறற்றிறன் 10 × (40 000 + 160 000) = 20 இலட்சம். மழை நாளில் எதிர்பார்க்கை 15 × 600 = 9000. மாறற்றிறன் 15 × (40 000 + 360 000) = 60 இலட்சம்.

கடைசியாக W ஐயும் தெரியாததாக்குவோம்.

[திரையில்:]
E[S] = 0.6 × 4000 + 0.4 × 9000 = 6000

மாறற்றிறனுக்கு மறுபடியும் அதே விதிதான், இம்முறை W இன் மேல். நிபந்தனை மாறற்றிறனின் எதிர்பார்க்கை 0.6 × 20 இலட்சம் + 0.4 × 60 இலட்சம், அதாவது 36 இலட்சம். நிபந்தனை எதிர்பார்க்கை 4000, 9000 என்ற இரண்டு பெறுமானங்களை மட்டுமே எடுக்கிறது. இரண்டு பெறுமானங்கள் மட்டும் கொண்ட மாறியின் மாறற்றிறன், அவற்றின் நிகழ்தகவுகளின் பெருக்கத்தை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கியது.

[திரையில்:]
Var(E[S | W]) = 0.6 × 0.4 × 5000² = 6 000 000
Var(S) = 3 600 000 + 6 000 000 = 9 600 000

விடைத்தாளின் 96 இலட்சம் வந்துவிட்டது. வர்க்கமூலம் எடுத்தால் நியம விலகல் கிட்டத்தட்ட 3098 ரூபாய்.

வேறு வழியிலும் ஒருமுறை சரிபார்ப்போம். மழையில்லாத நாளில் S² இன் எதிர்பார்க்கை 20 இலட்சம் + 4000², அதாவது 180 இலட்சம். மழை நாளில் 60 இலட்சம் + 9000², அதாவது 870 இலட்சம். நிறையிட்டுக் கூட்டினால் 108 + 348 = 456 இலட்சம். அதிலிருந்து 6000² ஆன 360 இலட்சத்தைக் கழித்தால் 96 இலட்சம். மொத்த மாறற்றிறன் விதியை வாயில் சொல்லாமலே அதே இடத்துக்கு வந்துவிட்டோம். பரீட்சையில் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தால் இந்தச் சரிபார்ப்பைச் செய்யுங்கள்.

இனி மாணவியின் கணக்கு. அவர் W ஐ முதலிலேயே கரைத்துவிட்டார். N இன் இடை 12, X இன் இடை 480 என்று எடுத்தார். N இன் மாறற்றிறன் 12 + 0.24 × 25 = 18. X இன் மாறற்றிறன் 40 000 + 0.24 × 40 000 = 49 600. இந்த நான்கு எண்களும் சரியானவை. பிறகு எழுமாற்றுக் கூட்டுத்தொகைக்கு எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கும் சூத்திரத்தில் அவற்றைப் போட்டார்.

[திரையில்:]
E[N] E[X] = 12 × 480 = 5760
E[N] Var(X) + Var(N) (E[X])² = 595 200 + 4 147 200 = 4 742 400

சூத்திரத்திலும் குறை இல்லை. எதிர்பார்க்கைக்கான முதல் வரி வால்டின் பெயரால் அறியப்படுவது. மாறற்றிறனுக்கான இரண்டாவது வரி பிளாக்வெல், கிர்சிக் ஆகியோரின் பெயரால் அறியப்படுவது. ஆனால் இரண்டாவது வரிக்கு N உம் X களும் சாராதிருக்க வேண்டும், X கள் தமக்குள்ளும் சாராதிருக்க வேண்டும். W ஐக் கரைத்த பிறகு இரண்டு நிபந்தனைகளும் போய்விட்டன.

பிழையின் தடயம் எதிர்பார்க்கையிலேயே தெரிகிறது. 6000 க்கும் 5760 க்கும் வித்தியாசம் 240. நாள் வகைக்கு நாள் வகை N இன் இடை 5 ஆலும் கட்டண இடை 200 ஆலும் கூடுகிறது. 0.24 × 5 × 200 = 240. அந்த 240 தான் ஹயர் எண்ணிக்கையும் கட்டணமும் சேர்ந்து ஏறுவதன் அளவு. உங்கள் விடையில் E[S] இரண்டு வழியில் இரண்டு எண்ணாக வந்தால், மாறற்றிறனைத் தொடாமல் அங்கேயே நின்றுவிடுங்கள்.

எதிர்பார்க்கையில் 4 வீதம்தான் பிழை. மாறற்றிறனிலோ பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. ஏன் இவ்வளவு? 96 இலட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். தனித்தனிக் கட்டணங்களின் ஏற்ற இறக்கத்தால் வருவது 12 × 40 000, அதாவது 4.8 இலட்சம். நாள் வகை தெரிந்த பிறகும் ஹயர் எண்ணிக்கை மாறுவதால் வருவது 31.2 இலட்சம். மழையா இல்லையா என்ற ஒன்றால் மட்டும் வருவது 60 இலட்சம். பெரும்பங்கு மழையுடையது. அந்த மழையின் வரிதான் மடிப்பில் கிடந்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? கட்டணத்தின் பரம்பல் என்னவென்று நாம் ஓரிடத்திலும் கேட்கவில்லை. இடையும் நியம விலகலும் போதுமாக இருந்தன. ஆனால் S 10 000 ஐத் தாண்டும் நிகழ்தகவு என்ன என்று கேட்டால் அவை போதா.

வினாவின் கடைசிப் பகுதிக்கு வருவோம், மாணவி இதை வெறுமையாக விட்டிருந்தார். மழையில்லாத ஒரு நாளில் சாரதி, வருமானம் 6000 ரூபாயை எட்டிய உடனே வீட்டுக்குப் போய்விடுகிறார். எந்த ஹயரும் 1000 ரூபாயைத் தாண்டாது. முன்பு பயன்படுத்திய மாறற்றிறன் சூத்திரம் இப்போதும் பொருந்துமா?

இப்போது வானிலை தெரிந்தும் பயனில்லை. N ஐத் தீர்மானிப்பதே X கள்தான். பெரிய ஹயர்கள் வந்தால் சீக்கிரம் நின்றுவிடுகிறார், சின்னவை வந்தால் அதிகம் ஓடுகிறார். N = 9 என்று யாராவது சொன்னால் அன்றைய கட்டணங்கள் பெரியவை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே Var(S | N) = N σ² என்ற முதல் படியே விழுந்துவிடுகிறது.

விழுந்தது என்று காட்டுவது எளிது. வால்டின் வரி இங்கேயும் நிற்கிறது, ஏனென்றால் நிற்பதா ஓடுவதா என்பதைச் சாரதி அதுவரை வந்த கட்டணங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார், இனி வரப்போவதைப் பார்த்து அல்ல. ஆகவே E[S] = 400 E[N]. S எப்போதும் 6000 அல்லது அதற்கு மேல் என்பதால் E[N] குறைந்தது 15. சூத்திரத்தின் முதல் உறுப்பு மட்டுமே 15 × 40 000, அதாவது 6 இலட்சத்துக்குக் குறையாது. ஆனால் S 6000 க்கும் 7000 க்கும் இடையில் அடைபட்டிருக்கிறது. 1000 அகலமுள்ள இடைவெளிக்குள் இருக்கும் எந்த மாறியின் மாறற்றிறனும் 500² ஐ, அதாவது இரண்டரை இலட்சத்தைத் தாண்ட முடியாது.

[திரையில்: 600 000 ≤ Var(S) ≤ 250 000 ? இரண்டு எண்களுக்கும் கீழே சிவப்புக் கோடு.]