கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஒரு கூட்ஸ் வண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? வண்டியை அணைத்துவிட்டுப் பெட்டிகளை எண்ணுவீர்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால் கட்டாயம் எண்ணுவீர்கள். மூட்டை ஏற்றும் மூடிய வேகன்கள் என்றால் என் காலத்தில் பெரும்பாலும் 42 வரும். ஒரு வண்டி முழுவதையும் நாங்கள் ரேக் என்போம். அந்த ரேக்குகளை வாங்கிக் கணக்கு முடித்து அனுப்புகிற வேலையில்தான் என் உத்தியோக காலம் முழுக்கப் போனது. ரயில் சரக்கை ஏற்றி இறக்கும் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன்.

"லாரி சிறந்ததா, ரயில் சிறந்ததா?" என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். ரேஷன் கடையில் நீங்கள் வாங்கும் கோதுமையையே எடுத்துக்கொள்வோம். அது பஞ்சாபிலிருந்து வருகிறது. எங்கள் பக்கத்துக்குச் சுமார் 2,800 கிலோமீட்டர். ஒரு வேகனில் 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 1,250 பிடிக்கும். 42 வேகனுக்கு 52,500 மூட்டை, அதாவது 2,600 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. இதையே 25 டன் ஏற்றும் பெரிய லாரிகளில் கொண்டுவந்தால் 105 லாரி வேண்டும். லோடோடு லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கிடைத்தால் ஒரு லாரிக்கு 800 லிட்டர் டீசல், மொத்தம் 84,000 லிட்டர். ரயிலில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதால் அதே பாரத்தை இழுக்க இதில் ஒரு பகுதிதான் செலவாகும். இவ்வளவு தூரத்தில் லாரி ரயிலோடு போட்டி போடவே முடியாது.

வேகத்தில் எப்படி என்று கேட்பீர்கள். கூட்ஸ் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் அளவில்தான். எக்ஸ்பிரஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டுமே. ஆனால் அது இரவு பகலாக ஓடும், ஐந்து நாளில் வந்துவிடும். லாரி ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் போனாலும் ஒரு வாரம் ஆகும். ஆக, ஓடும்வரை ரயிலுக்குத்தான் ஜெயம். ஓட்டம் நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் என் கதையே இருக்கிறது.

லாரியில் வந்தால் மூட்டையை ஒருமுறை ஏற்றி, ஒருமுறை இறக்கினால் தீர்ந்தது. ரயிலில் வந்தால் கிடங்கிலிருந்து லாரி, லாரியிலிருந்து வேகன், இங்கே வேகனிலிருந்து லாரி, லாரியிலிருந்து மறுபடி கிடங்கு. நடுவில் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்தால் இன்னும் இரண்டு கை மாறும். ஒவ்வொரு முறையும் சாக்கில் கொக்கி விழும், தானியம் சிந்தும், கூலி ஏறும். 100, 150 கிலோமீட்டருக்கெல்லாம் லாரியே போதும் என்று வியாபாரிகள் சொல்வது இதனால்தான். வழியில் மிச்சப்படுத்திய பணம் இரண்டு முனையிலும் கரைந்துவிடும்.

ரேக் ஷெட்டுக்குள் வந்து நின்றதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். மூட்டை ரேக்கை இறக்க 9 மணி நேரம் இலவசம். அதைத் தாண்டினால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். என் காலத்தில் ஒரு வேகனுக்கு மணிக்கு 150 ரூபாய். 42 வேகனுக்கு மணிக்கு 6,300 ரூபாய். மூட்டை பிளாட்பாரத்திலேயே கிடந்தால் அதற்கு வார்ஃபேஜ் என்ற கட்டணம் தனி.

இந்த 9 மணி நேரத்துக்குள் 52,500 மூட்டையை இறக்க எட்டுப் பேர் கொண்ட செட் குறைந்தது பதினான்கு வேண்டும். ஒரு செட் மூன்று மணி நேரத்தில் ஒரு வேகன் காலி செய்தால் சரியாக வரும். அப்புறம் லாரி. உள்ளூர் லாரியில் 300 மூட்டை என்று வையுங்கள், 175 நடை. கிடங்கு 12 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றி, எடை போட்டு, கிடங்கு வாசலில் காத்திருந்து, இறக்கித் திரும்ப மூன்று மணி நேரம். ஒரு லாரிக்கு மூன்று நடை கிடைக்கும். அப்படியானால் கிட்டத்தட்ட 60 லாரி வேண்டும். எங்களுக்கு வந்தது எத்தனை தெரியுமா? நல்ல நாளில் முப்பத்தைந்து.

ஒரு ஐப்பசி மாதம். ஊர் பெயர் வேண்டாம். மூன்று நாளாக ரேக்கே இல்லை, சுமைப்பணிக்காரர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் ஒரே ராத்திரியில் இரண்டு ரேக். எங்கேயோ மேலே பாதை அடைத்துக்கொண்டு திறந்தால் இப்படித்தான் சேர்ந்து வந்து விழும். எங்கள் ஷெட் லைனில் பாதி ரேக்தான் நிற்கும். 21 வேகனை உள்ளே தள்ளி, மீதியைப் பக்கத்து லூப் லைனில் நிறுத்தி, முதல் பாதி காலியானதும் இழுத்து மாற்ற வேண்டும். இரண்டாவது ரேக் பக்கத்து ஸ்டேஷனிலேயே காத்து நின்றது.

முதல் பாதியை உள்ளே நிறுத்தும்போது இரவு பத்து மணி. எங்கள் ஷெட்டில் 24 மணி நேரமும் வேலை உண்டு. கிடங்கோ காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும். கணக்குப் போடுங்கள், இலவச நேரம் காலை ஏழு மணிக்கே முடிகிறது! முதலில் வந்த லாரிகள் மூட்டையோடு கிடங்கு வாசலில் போய் நின்றுவிட்டன. வேறு வழியில்லாமல் பிளாட்பாரத்தில் அடுக்கினோம். பாதி பிளாட்பாரத்துக்குத்தான் கூரை. விடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மேலே தார்ப்பாய் போட்டோம், ஆனால் தண்ணீர் கீழே அல்லவா ஓடி வந்தது! அடிவரிசை முழுக்க ஊறிவிட்டது. மேஸ்திரி ஒருவர் தலையில் கைவைத்துச் சொன்னார்: "பஞ்சாப்லேர்ந்து ஒரு சொட்டு படாம வந்துச்சு சார், நம்ம கையில வந்து நனைஞ்சுருச்சே."

அதன்பிறகு எந்த ஷெட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது, யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான். லாரிகள் வரிசையில் நின்று டிரைவர்கள் தூங்கினால் இறக்க ஆள் போதவில்லை. ஆட்கள் உட்கார்ந்திருந்தால் லாரி திரும்பவில்லை, அப்போது கோளாறு ஷெட்டில் இல்லை, கிடங்கு வாசலில் இருக்கிறது. இதைப் பார்க்காமல் "இன்னும் ஆள் போடு, இன்னும் ஆள் போடு" என்று கத்திப் பயனில்லை. எங்கள் ஊரில் கடைசியில் ஆள் கூட்டவே இல்லை. ரேக் வருகிற ராத்திரிகளில் கிடங்கைத் திறந்து வைக்கச் சம்மதிக்க வைத்தோம், அவ்வளவுதான். அதே முப்பத்தைந்து லாரி கூடுதல் நடை அடித்தது. டெமரேஜ் அடியோடு போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது.

இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். கன்டெய்னர் பற்றிச் சொல்லத்தான் நிறைய வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். கன்டெய்னர் முனையத்தில் மூட்டையை யாரும் தொடுவதில்லை, பெட்டியையே இயந்திரம் தூக்கி லாரியில் வைத்துவிடும். 45 வேகனில் இருபதடிப் பெட்டி 90. கை மாறும்போது சீல் எண் சரியா, பெட்டியில் நசுங்கல் உண்டா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. கொக்கியும் இல்லை, நனைவதும் இல்லை. அப்படியானால் திருப்பூர் பனியன் ஏன் இன்னும் தூத்துக்குடிக்கு லாரியில் போகிறது? தூரம் 300 கிலோமீட்டர் சொச்சம்தான். ரயில் புறப்பட வேண்டுமானால் 90 பெட்டி சேரும்வரை காத்திருக்க வேண்டும், கப்பலோ காத்திருக்காது. லாரி ராத்திரி கம்பெனி வாசலில் கிளம்பினால் விடியும்போது துறைமுக வாசலில் நிற்கும். திரும்பி வருகிற காலிப் பெட்டியின் செலவு இன்னொரு பெரிய கதை, அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.