"2பி என்னாச்சு?"

(ஈரோட்டில், ஆடிட்டர் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆர்டிகிள்ஷிப் மாணவர்களிடம் பேசியது. பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற தம்பி, முன்வரிசையில் இடம் இருக்கிறது, வாங்க.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு மாதம், 19-ஆம் தேதி, சாயங்காலம் ஆறே முக்கால். எங்கள் அலுவலகத்தில் முதல் வருட ஆர்டிகிள் ஒரு பெண், அவருக்கு, மேலே இருக்கிறவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "2பி என்னாச்சு?" அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, அம்மா என்றோ ப்ளீஸ் என்றோ எதுவும் இல்லை. 2பி என்பது, சப்ளையர்கள் ஃபைல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் மாதாமாதம் வருகிற பட்டியல், அதை நம் கொள்முதலோடு ஒப்பிட்டாயிற்றா என்பதுதான் கேள்வி. அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கிவிட்டது என்று அப்புறம் சொன்னார். அந்த வரியை அனுப்பியவன் நான்.

அதனால்தான் இதைப் பேச வந்தேன். வாங்குகிற பக்கம் என்ன தோன்றும் என்று உங்களுக்குத் தெரியும், அனுப்புகிற பக்கம் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் சொல்ல முடியும். நான் நூல் வியாபாரி ஒருவருடைய கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் 20-ஆம் தேதி, வரியைக் கட்டி ஃபைல் செய்கிற மாத ரிட்டர்னான 3பிக்குக் கடைசி நாள். தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதைக்கூட விடுங்கள், பணமாகக் கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாளைக்கு பேங்கில் எவ்வளவு வைக்கணும்?" அவர் பார்த்துக்கொண்டிருக்க, போனை மேசைக்குக் கீழே வைத்து, கட்டைவிரலால் தட்டியதுதான் அந்த ஒரு வரி. கோபம் என்று அதில் எதுவும் இல்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான்.

பதில் வந்தது, பதினேழு வரி. அந்தப் பெண்ணின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். "குட் ஈவினிங் சார், ரொம்ப சாரி சார், காலையிலேயே சொல்லியிருக்கணும், 14-ஆம் தேதி 2பி வந்ததும் டவுன்லோட் பண்ணிவிட்டேன், ஆனால் பர்ச்சேஸ் ரிஜிஸ்டர் அவர்கள் 16-ஆம் தேதிதான் கொடுத்தார்கள், அதிலும் இரண்டு ஷீட் விட்டுப்போயிருந்தது..." இப்படிப் போகிறது. எனக்கு வேண்டிய தொகை பதிமூன்றாவது வரியில் இருந்தது. பூட்டிய போனின் திரையில் என் கண்ணில் பட்டது "குட் ஈவினிங் சார், ரொம்ப சாரி சார்" மட்டும். "சாரி" என்று பார்த்ததும் வேலை முடியவில்லை என்று நினைத்துவிட்டேன், வெளியே போய் போன் செய்து சத்தம் போட்டேன். வேலை முடிந்திருந்தது, சரியாகவும் இருந்தது. நான் சத்தம் போட்டது தப்பு, மறுநாள் அதை அவரிடம் சொன்னேன். ஆனால் அந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருந்தால் அந்த போனே வந்திருக்காது.

இப்போது அதே வேலைக்கு, அதே விவரங்களை வைத்து, என்ன எழுதியிருக்கலாம் என்று பார்ப்போம். கொள்முதல் பில் 212. அதில் 4 பில் 2பியில் வரவில்லை. அவற்றின் வரி 1,86,400 ரூபாய். 2022 ஜனவரியிலிருந்து 2பியில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி கிரெடிட் எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், ஆக இந்தத் தொகை இந்த மாதம் கையிலிருந்து போக வேண்டும். நாலில் மூன்று பில் ஒரே சப்ளையருடையது, அவர் 11-ஆம் தேதிக்குள் தன் ஜிஎஸ்டிஆர்-1ஐ ஃபைல் செய்யாமல் தாமதமாகச் செய்திருக்கிறார், எனவே அது அடுத்த 2பியில் வந்துவிடும். நாலாவதில் நம் கட்சிக்காரருடைய ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள், அதை அந்தச் சப்ளையர்தான் திருத்த வேண்டும்.

நான் எதிர்பார்த்த பதில் இது:

"முடிந்தது சார். 4 பில் 2பியில் இல்லை, ரூ.1,86,400 கூடுதலாகப் பணமாகக் கட்ட வேண்டிவரும்.
3 பில் சப்ளையர் லேட் ஃபைலிங், அடுத்த மாதம் கிரெடிட் வந்துவிடும். 1 பில்லில் ஜிஎஸ்டி எண் தவறு, திருத்தச் சொல்லிப் பேசியிருக்கிறேன்.
நீங்கள் சரி என்றால் காலை 11 மணிக்குச் செலான் போட்டுவிடுகிறேன்."

முதல் வரியை மட்டும் பாருங்கள். போனைத் திறக்காமலே எனக்கு வேலை முடிந்துவிடும், எதிரே இருக்கிறவரிடம் தொகையைச் சொல்லிவிடலாம். அவர் "ஏன் இவ்வளவு?" என்று கேட்பார், கேட்டே தீருவார், அப்போது திறந்து இரண்டாவது வரியைப் படிப்பேன். மூன்றாவது வரிக்கு நான் "ஓகே" என்று போட்டால் போதும். படிக்கிறவர் படித்து முடித்த உடனே என்ன செய்யப் போகிறார், யாரிடம் என்ன சொல்லப் போகிறார் என்று யோசித்துப் பார்த்து, அதற்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு. வந்தது ஒரு வரி என்பதற்காக நீங்களும் ஒரு வரியில் "4 பில் மிஸ்மேட்ச் சார்" என்று நிறுத்தினால், அப்புறம் எவ்வளவு, ஏன், எப்போது வரும் என்று நான் மூன்று முறை கேட்க வேண்டும். அதே 212 பில்லும் சரியாக வந்திருந்தால் "முடிந்தது சார், வித்தியாசம் எதுவும் இல்லை" என்ற ஒரே வரி முழுப் பதில்.

16-ஆம் தேதி ரிஜிஸ்டர் வந்த கதை எங்கே போயிற்று? அது வேண்டாம். உண்மைதான், அந்தப் பெண் பட்ட பாடும் உண்மைதான், ஆனால் 19-ஆம் தேதி சாயங்காலம் அதை வைத்து நான் எதையும் மாற்ற முடியாது. அடுத்த மாதம் ரிஜிஸ்டரைச் சீக்கிரம் வாங்க வேண்டும் என்றால் 21-ஆம் தேதி, வேலை ஓய்ந்த பிறகு, தனியாகச் சொல்லுங்கள், அப்போது காது கொடுத்துக் கேட்பார்கள்.

சரி, வேலை முடியவில்லை என்றால்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் "பார்க்கிறேன் சார்", "ஆகிக்கொண்டிருக்கிறது சார்" என்று போடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு மேலே இருக்கிறவர் என்ன செய்வார்? அரை மணி கழித்து இன்னொரு ஒற்றை வரி அனுப்புவார், அது முதலாவதைவிடக் கடுமையாக இருக்கும். "இன்னும் முடியவில்லை சார், 212ல் 150 பார்த்துவிட்டேன், இதுவரை 3 பில் இல்லை, எட்டரைக்கு முழுத் தொகையும் சொல்கிறேன்" என்று எழுதுங்கள். எட்டரை என்று சொன்னால் எட்டரைக்குச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் எட்டே காலுக்கே "ஒன்பது ஆகும்" என்று சொல்லிவிட வேண்டும். அதனால் மனதில் எட்டு என்று தோன்றினால் எட்டரை என்றே எழுதுங்கள்.

அப்புறம் தொனி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் நாம் மரியாதைக் குறைவாக எழுதுவது "சார்" விட்டுப்போவதால் மட்டும் வருவதில்லை. ஒரு எழுத்தில் வந்துவிடும். "நேற்று அனுப்பினேன் சார்" என்பது தகவல். "நேற்றே அனுப்பிட்டேனே சார்" என்பது சண்டை. சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு ஏகாரமும், "நீங்கள் பார்க்கவில்லை, என்னைக் கேட்கிறீர்கள்" என்று சொல்லிவிடுகின்றன. "அதைத்தான் சொன்னேன்" என்பதில் இருக்கிற "தான்" அதையே செய்யும். நேரில் சொல்லும்போது முகம் சிரித்தால் சரியாகிவிடும், எழுத்தில் முகம் கிடையாது. நேற்று அனுப்பியதையே இன்று திரும்பக் கேட்டால், "நேற்று மாலை மெயிலில் அனுப்பினேன் சார், இங்கேயும் வைக்கிறேன்" என்று சொல்லி ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் தேட வேண்டிய வேலையும் இல்லை, உங்கள் மேல் தப்பில்லை என்பதும் பதிவாகிவிட்டது.

மேலே இருக்கிறவரிடம் ஏதாவது கேட்டு வாங்க வேண்டும் என்றால், "ஓடிபி சொல்லுங்க சார்", "சீக்கிரம் அனுப்பிடுங்க சார்" என்று எழுதினால், "சார்" இருந்தாலும் ஏவுகிற மாதிரிதான் விழும். "ஓடிபி கிடைத்தால் பத்து நிமிடத்தில் ஃபைல் செய்துவிடுவேன் சார்" என்று திருப்பிப் போடுங்கள். கேட்டதும் ஆயிற்று, ஏன் அவசரம் என்பதும் சொன்னதாயிற்று.

மன்னிப்பு. உங்கள் கையில் தவறு நடந்திருந்தால் ஒரு முறை கேளுங்கள், என்ன தவறு என்பதையும் சேர்த்து: "போன மாதமே எடுத்த ஒரு பில்லை மறுபடி எடுத்திருந்தேன், என் தவறு சார், நீக்கிவிட்டேன், தொகை மாறியிருக்கிறது." இங்கே "நான்" வர வேண்டும். "மறுபடி எடுக்கப்பட்டிருக்கிறது" என்று எழுதினால் யார் எடுத்தது என்று அவர் கேட்பார், அப்போது இரண்டு தவறாகிவிடும். தவறே இல்லாத இடத்தில் "சாரி" வேண்டாம். பதினேழு வரியில் நாலு "சாரி" இருந்தது, சப்ளையர் லேட்டாக ஃபைல் செய்ததற்கு இந்தப் பெண் ஏன் சாரி சொல்ல வேண்டும்?

ஒரு தங்கை கேட்கிறார், "வெறும் கேள்விக்குறி மட்டும் வந்தால்?" என்று. வரும். அதற்கு அர்த்தம், முன்னால் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை என்பதுதான். மேலே போய் அவருடைய கடைசிச் செய்தியைப் பாருங்கள், அதற்குப் பதில் எழுதுங்கள், கேள்விக்குறிக்கு எழுதாதீர்கள். எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை என்றால், "எது சார்?" என்று மட்டும் கேட்காமல், "நூல் கடை 2பியா, இல்லை மில் ஆடிட்டா சார்? 2பி என்றால் முடிந்தது, 4 பில் இல்லை" என்று, எதுவாக இருக்கும் என்று தோன்றுகிறதோ அதற்குப் பதிலையும் சேர்த்தே கேளுங்கள்.

எழுதவே கூடாத சமயமும் உண்டு. 20-ஆம் தேதி தாண்டிவிட்டது, ஃபைல் செய்யவில்லை, "3பி?" என்று கேட்கிறார். அப்போது எத்தனை வரி எழுதினாலும் சரியாக இருக்காது. "கூப்பிடலாமா சார், ஃபைல் ஆகவில்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டு, இரண்டு நிமிடத்தில் நீங்களே கூப்பிடுங்கள். வட்டி எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

அந்தப் பெண் இப்போது இரண்டாம் வருடம். போன மாதம் 19-ஆம் தேதி நான் மறுபடி "2பி?" என்று கேட்டேன், இந்த முறை பெயரும் கம்பெனியும் போட்டுக் கேட்டேன். மூன்று வரி வந்தது. "ஓகே, போடும்மா" என்றேன். அதற்கு "நன்றி சார்" என்று எதுவும் வரவில்லை, மறுநாள் காலை பதினொன்றே காலுக்கு "செலான் கட்டியாயிற்று, 3பி ஃபைல் ஆகிவிட்டது சார்" என்று வந்தது, கீழே ஒப்புகை எண்.